அண்ணன் ரிப்போர்ட்ல கடைசி ரெண்டு வரி

வாசகர் கேள்வி

டாக்டர், எனக்கு 33 வயசு, விருதுநகர் பக்கம். அப்பாவுக்கு 43 வயசுல பெருங்குடல் கேன்சர், ஆபரேஷன் பண்ணியும் 45ல போயிட்டாங்க. இப்ப அண்ணனுக்கு 38, வலது பக்க குடல்ல கட்டின்னு நாலு மாசம் முன்னாடி ஆபரேஷன் ஆச்சு. அவன் பயாப்ஸி ரிப்போர்ட்ல கடைசில "எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ரீடெய்ண்டு, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 லாஸ்"னு போட்டிருக்கு, யாரும் அதைப்பத்தி ஒண்ணும் சொல்லல. எனக்கு வயித்துல ஒரு தொந்தரவும் இல்ல. சிஇஏ ரத்த டெஸ்ட்டும் மோஷன் டெஸ்ட்டும் எடுத்துப் பாத்தேன், ரெண்டும் நார்மல். நான் அம்மா ஜாடை, அதனால எனக்கு வராதுன்னு வீட்ல சொல்றாங்க. நெட்ல எச்சில் அனுப்பிப் பாக்கற ஜீன் டெஸ்ட் இருக்கே, அதை வாங்கலாமா? என் வீட்டுக்காரர் எனக்கு சொந்த அத்தை மகன்தான், அத்தைக்கும் 49 வயசுல கர்ப்பப்பை கேன்சர் வந்து எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்காங்க, அது வேற கேன்சர்ங்கறதால இதோட சேர்க்கல. பொண்ணுக்கு 7 வயசு, அடுத்த குழந்தைக்கு யோசிக்கறோம். தங்கச்சிக்கு 27, வரன் பாத்துட்டு இருக்கோம், இந்தப் பேச்சையே எடுக்காதேன்னு அம்மா சொல்றாங்க. நான் என்ன டெஸ்ட் எடுக்கணும்?

— பெயர் வேண்டாம்

டாக்டர் பதில்

நீங்க கேட்டது உங்களுக்கு என்ன டெஸ்ட்னு. ஆனா முதல் டெஸ்ட் உங்களுக்கு இல்ல, அண்ணனுக்கு. அது ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரிக்கு அர்த்தம் சொல்லிடறேன், ஏன்னா உங்க கடிதத்துல பெரிய தகவலே அதுதான், நாலு மாசமா ஃபைல்லயே கிடக்கு.

நம்ம செல்லு ஒவ்வொண்ணும் ரெண்டா பிரியும்போது டிஎன்ஏவை முழுசா நகல் எடுக்கும், அப்ப அங்கங்க எழுத்து மாறிப்போகும். உங்க ஊர்ப் பக்கம் அச்சாபீஸ்ல ப்ரூஃப் பாக்கறவர் இருப்பாருல்ல, அந்த வேலையத்தான் அந்த நாலு புரோட்டீனும் பாக்குது. எடுத்த கட்டியில இந்த நாலும் இருக்கான்னு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, ரீடெய்ண்டுன்னா இருக்கு, லாஸ்னா காணோம். இதுங்க ஜோடி ஜோடியா வேலை செய்யும். எம்எஸ்எச்2 இல்லன்னா அதோட ஜோடி எம்எஸ்எச்6 தனியா நிக்க முடியாம கரைஞ்சு போயிடும், அதனால ரெண்டும் சேர்ந்து காணோம்னா முதல் சந்தேகம் எம்எஸ்எச்2 ஜீன் மேலதான். எம்எல்எச்1 ஜோடி காணாம போயிருந்தா கதை வேற, வயசானவங்களுக்கு பரம்பரை இல்லாமலே அந்த ஜீன் அணைஞ்சு போறது சகஜம், அதுக்கு இன்னொரு டெஸ்ட் பண்ணிப் பிரிச்சுப் பாக்கணும். எம்எஸ்எச்2 காணோம், அதுவும் 38 வயசுல, அதுவும் வலது பக்கம்னா பரம்பரையா வந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இதுக்குப் பேரு லின்ச் சிண்ட்ரோம்.

பரம்பரை குடல் கேன்சர்ல இன்னொரு பெரிய வகை இருக்கு, எஃப்ஏபின்னு, அதுல குடல் உள்சுவர் முழுக்க பாலிப்னு சின்னச் சின்ன சதை முளைப்பு நூத்துக்கணக்குல இருக்கும், குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டு கொலோனாஸ்கோபி பண்ணினவர் கண்ணுக்கே தெரிஞ்சிடும். லின்ச்ல அப்படி இருக்காது. ஒரு கட்டி, பக்கத்துல ஒண்ணு ரெண்டு பாலிப், அவ்ளோதான், அதனாலதான் பல குடும்பத்துல ரெண்டு தலைமுறை போனப்புறமும் யாருக்கும் தோணுறதில்ல.

அத்தைக்கு வந்தது வேற கேன்சர் இல்ல

லின்ச் இருக்கற பெண்களுக்கு குடலுக்கு இருக்கற ரிஸ்க் அளவுக்கே கர்ப்பப்பை உள்சுவர்லயும் ரிஸ்க் இருக்கு, சிலருக்கு அங்கதான் முதல்ல வரும். இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. 1895ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஒரு தையல் வேலை செய்யற பெண், எங்க வீட்ல எல்லாரும் வயித்துக் கேன்சர், குடல் கேன்சர், கர்ப்பப்பைக் கேன்சர்னு போறாங்க, நானும் அப்படித்தான் போவேன்னு வார்தின்ங்கற பேத்தாலஜி டாக்டர்கிட்ட சொன்னாங்க. அவர் அதை அசட்டை பண்ணாம குடும்ப மரம் வரைஞ்சு வச்சு 1913ல வெளியிட்டார். அந்தம்மா கடைசில கர்ப்பப்பைக் கேன்சர்லதான் இறந்தாங்க. பின்னால இதை விடாம ஆராய்ச்சி பண்ணின ஹென்றி லின்ச் பேருதான் இந்த நோய்க்கு நிலைச்சது.

உங்க குடும்பத்துக்கு வருவோம். நாங்க முதல்ல பாக்கற கணக்கு 3-2-1. லின்ச் சம்பந்தப்பட்ட கேன்சர் வந்தவங்க மூணு பேர், ரெண்டு தலைமுறை, அதுல ஒருத்தருக்காவது 50 வயசுக்குள்ள, அந்த மூணு பேர்ல ஒருத்தர் மத்த ரெண்டு பேருக்கும் நேர் ரத்த உறவு. அத்தையை விட்டுட்டா உங்ககிட்ட ரெண்டு பேர்தான், கணக்கு நிறையாது. அத்தையைச் சேர்த்தா அப்பா, அண்ணன், அத்தைன்னு மூணு பேர், அப்பாவுக்கு உங்க அண்ணன் பெத்த பிள்ளை, அத்தை கூடப் பிறந்தவங்க. எல்லாமே பொருந்திடுது. ஆனா எத்தனையோ லின்ச் குடும்பங்கள் இந்தக் கணக்குக்குள்ள வராது, அதனால "மூணு பேர் இல்லையே, நமக்கு இல்ல"ன்னு இதைப் படிக்கற வேற யாரும் முடிவு பண்ணிடாதீங்க.

ஜாடை விஷயம். மூக்கும் முழியும் அம்மா மாதிரி இருக்கலாம், எம்எஸ்எச்2 ஜீனோட ஒரு பிரதி அப்பாகிட்ட இருந்து வந்தே தீரும். அப்பாகிட்ட ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுதுன்னா உங்களுக்கு எது வந்துச்சுங்கறது காசு சுண்டறதுதான், பாதிக்குப் பாதி. அண்ணனுக்கு வந்துட்டதால உங்களுக்கு வாய்ப்பு குறையவும் இல்ல, கூடவும் இல்ல. தங்கச்சிக்கும் அதே பாதி.

டெஸ்ட் எந்த வரிசைல

அண்ணன் கையில ரத்தம் எடுத்து, பிறவிலயே ஜீன்ல பழுது இருக்கான்னு பாக்கணும், இதுக்கு ஜெர்ம்லைன் டெஸ்ட்னு பேரு. கட்டியில பண்ற ஜீன் டெஸ்ட் வேற, அது மருந்து தேர்வுக்காகப் பண்றது, ரெண்டையும் குழப்பிக்கிட்டு "ஏற்கனவே பண்ணியாச்சே"ன்னு விட்டுடறவங்க நிறைய. எம்எஸ்எச்2ல எழுத்து மாறறது மட்டுமில்ல, ஜீன்ல ஒரு துண்டே காணாம போறதும் கணிசமா உண்டு, ஜீனை எழுத்து எழுத்தா படிக்கற சாதாரண சீக்வென்ஸிங்ல அது தப்பிச்சுடலாம், அதனால டிலீஷனும் பாக்கறீங்களா, பக்கத்துல இருக்கற எப்கேம் ஜீனும் சேர்த்தியான்னு லேப்ல கேட்டு வாங்கணும். எப்கேம் வால் பக்கம் அறுந்து போனா எம்எஸ்எச்2 நல்லா இருந்தும் வேலை செய்யாது.

அண்ணன்கிட்ட பழுது எந்த இடத்துலன்னு தெரிஞ்சப்புறம், உங்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பாத்தா போதும். செலவும் நிறைய ஜீனைச் சேர்த்துப் பாக்கற முழு பேனலை விட ரொம்பக் கம்மி, பதிலும் ஆமா, இல்லன்னு தெளிவா வரும். இல்லன்னு வந்தா நிஜமாவே இல்ல, உங்க ரிஸ்க் ஊர்ல எல்லாருக்கும் இருக்கறதுதான், உங்க வழியா பொண்ணுக்கும் போகாது.

வரிசையை மாத்தி நீங்க முதல்ல பண்ணிக்கிட்டு "நெகட்டிவ்"னு வந்தா என்ன ஆகும்? உங்களுக்கு வரலையா, இல்ல குடும்பத்துல இருக்கற பழுதை அந்த டெஸ்ட் பிடிக்கவே இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த எச்சில் கிட் இதைவிட மோசம், அதுல பலது ஜீன் முழுக்கப் படிக்கறதே இல்ல, ஏற்கனவே தெரிஞ்ச சில புள்ளிகளை மட்டும் தொட்டுப் பாக்கும். அந்தக் காசை அண்ணன் டெஸ்ட்டுக்கு வைங்க.

அண்ணன் ரிசல்ட்ல ரெண்டு சிக்கல் வரலாம், முன்கூட்டியே தெரிஞ்சுக்கங்க. ஒண்ணு, வியுஎஸ்னு வரும், மாற்றம் இருக்கு ஆனா கெட்டதா நல்லதான்னு இன்னும் தெரியலன்னு அர்த்தம். அதை வச்சு குடும்பத்துல யாருக்கும் டெஸ்ட் பண்ணி முடிவு எடுக்கக் கூடாது, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு லேப்ல திரும்ப விசாரிக்கணும். இன்னொண்ணு, ஒண்ணுமே இல்லன்னு வரும். கட்டிக்குள்ள மட்டும் அந்த ஜீனோட ரெண்டு பிரதியும் தானா கெட்டுப் போறது உண்டு, அப்ப கட்டியையே சீக்வென்ஸ் பண்ணிப் பாக்கலாம். ஆனா உங்க குடும்ப வரலாறு இப்படி இருக்கறப்ப, அண்ணன் ரிப்போர்ட் நெகட்டிவ்னு சொல்லி ஸ்க்ரீனிங்கை நிறுத்த நான் விடமாட்டேன்.

ஜெனடிக் கவுன்சலிங்னா "தைரியமா இருங்க"ன்னு பேசி அனுப்பறதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அங்க முதல் வேலையே மூணு தலைமுறை மரம் வரையறது, யாருக்கு எந்த வயசுல என்ன வந்துச்சு, யாரு யாரைக் கட்டினாங்க, எல்லாம். வேலூர் சிஎம்சி, சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடங்கள்ல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. போகும்போது அண்ணனோட பயாப்ஸி ரிப்போர்ட், அப்பாவோட பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, அத்தையோட ஆபரேஷன் பேப்பர் மூணும் எடுத்துட்டுப் போங்க. அத்தை பேப்பர்ல எண்டோமெட்ரியம், அதாவது கர்ப்பப்பை உள்சுவர்னு இருக்கா, செர்விக்ஸ்னு இருக்கான்னு பாருங்க, வீட்ல ரெண்டையுமே கர்ப்பப்பைன்னுதான் சொல்லுவோம். செர்விக்ஸ், அதாவது கர்ப்பப்பை வாய்னா அது லின்ச் கணக்குல வராது, மேல போட்ட 3-2-1 அப்ப உடைஞ்சுடும், அண்ணன் ரிப்போர்ட் சொல்ற சந்தேகம் மட்டும் அப்படியே நிக்கும்.

கொலோனாஸ்கோபிக்கு ஜீன் ரிசல்ட் வரணும்னு இல்ல

எம்எஸ்எச்2 பழுது இருக்கறவங்க 20லருந்து 25 வயசுக்குள்ள கொலோனாஸ்கோபி ஆரம்பிச்சு, ஒரு வருஷத்துக்கோ ரெண்டு வருஷத்துக்கோ ஒரு தடவை பண்ணிக்கணும். உங்களுக்கு 33, எட்டு வருஷம் லேட். அண்ணன் டெஸ்ட் வர வாரக்கணக்குல ஆகும், அதுக்காக இதை ஒத்திப் போடாதீங்க. பரம்பரை சிண்ட்ரோமே இல்லாத குடும்பத்துலயும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 60 வயசுக்குள்ள வந்திருந்தா 40லயோ, இல்ல அவங்களுக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியோ, எது முந்தியோ அப்ப ஆரம்பிக்கணும். அண்ணனுக்கு 38ன்னா 28. எந்தக் கணக்குல பாத்தாலும் உங்க நேரம் வந்து போயாச்சு.

சிஇஏ நார்மல்ங்கறதை மறந்துடுங்க, அது கேன்சர் வந்தவங்களை ஃபாலோ பண்ற டெஸ்ட், வராதவங்ககிட்ட தேடற டெஸ்ட் இல்ல. மோஷன்ல ரத்தம் பாக்கற டெஸ்ட் சாதாரண ரிஸ்க் இருக்கறவங்களுக்கு நல்லதுதான், ஆனா பாலிப்பெல்லாம் எல்லா நேரமும் ரத்தம் கசியாது, உங்களுக்கு அது பத்தாது. தொந்தரவு இல்லங்கறதும் அப்படித்தான், வலது பக்க குடல் அகலம், உள்ள மோஷன் தண்ணியா இருக்கும், கட்டி பெருசாகி ரத்தசோகை வந்து மூச்சு வாங்கற வரைக்கும்கூட வயிறு ஒண்ணும் சொல்லாது. அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டுப் பாருங்க, ஹீமோகுளோபின் குறைஞ்சு போய் இரும்பு மாத்திரை கொஞ்ச நாள் ஓடியிருக்கும்னு நினைக்கறேன்.

இடைவெளி ஏன் இவ்ளோ கம்மின்னா, சாதாரணமா ஒரு பாலிப் கேன்சரா மாற பத்து வருஷம் மாதிரி எடுக்கும், லின்ச்ல அதுவே ஓரிரு வருஷத்துலகூட நடந்துடும். அதனால போன தடவை சுத்தமா இருந்துச்சேன்னு நாலு வருஷம் விடறதுதான் இங்க நடக்கற பெரிய தப்பு. சிக்மாய்டோஸ்கோபின்னு பாதி குடல் மட்டும் பாக்கறதுக்கு ஒத்துக்காதீங்க, வலது பக்கம்தான் நமக்கு முக்கியம். ரிப்போர்ட் கையில வந்ததும் மூணு விஷயம் பாருங்க, பெருங்குடல் ஆரம்பிக்கற இடமான சீக்கம் வரைக்கும் போனாங்களா, அதுக்கு போட்டோ இருக்கா, குடல் எந்த அளவுக்குச் சுத்தமா இருந்துச்சு. லின்ச்ல வர்ற பாலிப் தட்டையா ஒட்டிக் கிடக்கும், கொஞ்சம் மோஷன் மிச்சம் இருந்தாலே மறைஞ்சிடும். அதனால குடலைச் சுத்தம் பண்ணக் குடுக்கற மருந்துத் தண்ணியைப் பாதி முந்தின நாள் ராத்திரி, மீதி அன்னிக்கு விடிகாலைல குடிங்க, கடைசியா மஞ்சள் கலர்ல தெளிவா தண்ணி மாதிரி போகணும். ருசி நல்லா இருக்காது, அதை நானும் மறைக்கல.

கர்ப்பப்பைக்கு குடல் அளவுக்கு நம்பகமான ஸ்க்ரீனிங் இல்ல, உண்மையைச் சொல்லிடறேன். 30-35லருந்து உள்சுவர்ல சின்னதா சதை எடுத்துப் பாக்கலாம், எவ்ளோ பலன்னு உறுதியா நிரூபணம் ஆகல. பீரியட்ஸ் நடுவுல ரத்தம் பட்டாலோ தாறுமாறா போனாலோ ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போட்டு அமுக்காம உடனே காட்டறது அதைவிட முக்கியம். எம்எஸ்எச்2 பழுது உறுதியாகி, குழந்தை போதும்னு ஆனப்புறம் 40 வாக்குல கர்ப்பப்பையும் ஓவரியும் எடுக்கறது பத்தி பேசுவோம். ஆஸ்பிரின் பத்தியும் எங்கயாவது படிச்சிருப்பீங்க, லின்ச் இருக்கறவங்களுக்கு தினம் 600 மில்லிகிராம், ரெண்டு வருஷம் குடுத்ததுல பின்னாடி குடல் கேன்சர் குறைஞ்சதுன்னு கேப்2ங்கற ஆய்வுல வந்துச்சு. ஆனா குழந்தைக்கு யோசிக்கற நேரத்துல நீங்களா ஆரம்பிக்கற மாத்திரை இல்ல அது.

நீங்க கேக்காத கேள்வி: உங்க வீட்டுக்காரர்

இதைப் பயமுறுத்தறதுக்கு சொல்லல, அடுத்த குழந்தைக்கு யோசிக்கறதால சொல்லியாகணும். அத்தைக்கு கர்ப்பப்பைல வந்தது லின்ச் காரணமான்னா உங்க வீட்டுக்காரருக்கும் பாதி வாய்ப்பு இருக்கு. அவருக்கும் கொலோனாஸ்கோபி கணக்கு உங்களுக்கு சொன்னதேதான். மருமகளோட பிறந்த வீட்டு வியாதின்னு இதை ஒதுக்க முடியாது, ரெண்டு வீடும் ஒரே வீடுதான்.

ஒரு பிரதி பழுதுன்னா லின்ச், பெரியவங்களானப்புறம் வர்ற பிரச்சனை. ஆனா அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயும் அதே பழுது இருந்து, ரெண்டும் ஒரே குழந்தைக்கு வந்துட்டா சிஎம்எம்ஆர்டின்னு ஒண்ணு, ரொம்ப அரிது, ஆனா கடுமையானது. குழந்தைப் பருவத்துலயே ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி, குடல் கட்டி வரலாம், தோல்ல காபி கலர்ல திட்டுத் திட்டா மச்சம் இருக்கும். வெளியில கல்யாணம் பண்ணவங்களுக்கு இது நினைக்கவே தேவையில்லாத அளவுக்கு அபூர்வம், சொந்தத்துல கட்டினவங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கணக்கு போட்டுக் காட்டறேன். அத்தைக்கு அந்தப் பழுது இருக்குன்னே வைங்க. உங்களுக்கு பாதி, அவருக்கு பாதி, ரெண்டு பேருக்கும் இருக்க நாலுல ஒண்ணு. ரெண்டு பேருக்கும் இருந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் ரெண்டு பழுதும் போய்ச் சேர நாலுல ஒண்ணு. ஆக இன்னிக்கு ஒண்ணும் தெரியாத நிலைமைல 16ல ஒண்ணு. டெஸ்ட் பண்ணி உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இல்லன்னு தெரிஞ்சாலே இந்தப் பயம் முழுசா போயிடும், அதுக்கு நாலுல மூணு பங்கு வாய்ப்பு இருக்கு. அதனால அண்ணனுக்கு அப்புறம் அத்தைக்கு அந்த ஒரே இடத்தைப் பாருங்க. அத்தைக்கு இல்லன்னா உங்க வீட்டுக்காரருக்கு அந்த வழியா வராது. இருந்தா உங்க ரெண்டு பேருக்கும். இதெல்லாம் முடிஞ்சு கர்ப்பத்துக்கு முயற்சி பண்ணுங்க, கொஞ்ச மாசம்தான் தள்ளும்.

ரெண்டு பேருக்கும் இருக்குன்னே வந்தாலும் வழி இருக்கு. கர்ப்பத்துல 11லருந்து 13 வாரம் வாக்குல நஞ்சுக்கொடில சின்ன சாம்பிள் எடுத்து அந்த ஒரு பழுதைப் பாக்கலாம், பரம்பரை நோய்க்காக பதிவு பெற்ற சென்டர்ல இதைப் பண்ண சட்டத்துல இடம் இருக்கு, தடை இருக்கறது ஆணா பொண்ணான்னு பாக்கறதுக்குத்தான். ஐவிஎஃப் வழியா கருவை முன்னாடியே டெஸ்ட் பண்றதும் உண்டு, செலவு கூட.

பொண்ணுக்கு இப்ப எந்த டெஸ்ட்டும் வேண்டாம். லின்ச்சுக்கு 18 வயசுக்கு முன்னாடி பாக்கறதில்ல, அந்த வயசுல செய்ய ஒண்ணும் இல்ல, பெரியவளானப்புறம் அவளே முடிவு பண்ணட்டும். உங்க ரெண்டு பேருக்கும் பழுது இருக்குன்னு வந்தா மட்டும் இது மாறும், அப்ப சிஎம்எம்ஆர்டி இருக்கான்னு அவளுக்குப் பாத்தாகணும், ஏன்னா இருந்தா சின்ன வயசுலயே ஸ்கேன் எல்லாம் ஆரம்பிக்கணும். 7 வயசு வரைக்கும் ஆரோக்கியமா இருக்காங்கறது நல்ல அறிகுறிதான், முழு பதில் இல்ல. அவ உடம்புல காபி கலர் திட்டு இருந்தா கவுன்சலிங் போறப்ப காட்டுங்க, ஒண்ணு ரெண்டு மச்சம் எல்லா குழந்தைக்கும் இருக்கும், அதுக்குப் பதறாதீங்க.

அண்ணனும் தங்கச்சியும்

அண்ணனோட கேன்சர் டாக்டர்கிட்ட அந்த ரெண்டு வரியை நேரா காட்டி, "இதை வச்சு மருந்துல ஏதாவது மாறுமா?"ன்னு கேக்கச் சொல்லுங்க. இந்த மாதிரி கட்டியில ஸ்டேஜ் 2ன்னா வழக்கமான ஒத்தை கீமோ மருந்துல பலன் கிடைக்கறதில்ல, பரவின கட்டின்னா உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டற இம்யூனோதெரபி நல்லா கேக்கும், அதனால இது குடும்பத்துக்கு மட்டுமான தகவல் இல்ல, அவருக்கே வேணும். மிச்சம் இருக்கற குடல்ல திரும்ப வரலாம், வருஷா வருஷம் கொலோனாஸ்கோபி கட்டாயம். அவருக்குக் குழந்தைங்க இருந்தா 18க்கு மேல டெஸ்ட், 20 வாக்குல ஸ்கோப்.

அம்மா சொல்றது எனக்குப் புரியுது, வரன் பாக்கற வீட்ல கேன்சர்ங்கற பேச்சு என்ன பண்ணும்னு நானும் பாத்திருக்கேன். ரிசல்ட் அவங்கவங்க சொந்த விஷயம், கவுன்சலர் உங்க அனுமதி இல்லாம யாருக்கும் சொல்லமாட்டாங்க, ஊருக்கு சொல்லணும்னு அவசியமே இல்ல. ஆனா தங்கச்சிகிட்டயே மறைக்கறது வேற. அவளுக்கு 27, ஆரம்பிக்க வேண்டிய வயசு தாண்டியாச்சு. அவளுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கறதும் எடுக்காததும் அவ இஷ்டம், வேண்டாம்னா இருக்குன்னு வச்சுக்கிட்டு ஸ்க்ரீனிங் மட்டும் பண்ணிக்கலாம், யாரும் கேக்க முடியாது. பாக்கற வரன் சொந்தத்துலயா இருந்தா, குறிப்பா அத்தை வீட்டுப் பக்கம்னா, நிச்சயம் பண்றதுக்கு முன்னாடி அவ டெஸ்ட் எடுத்துடறது நல்லது, காரணம் மேல சொன்னதுதான். இன்ஷூரன்ஸ் எடுக்கறதா இருந்தா ப்ரொபோசல் ஃபார்ம்ல குடும்ப வரலாறு கேட்டா பொய் எழுத வேண்டாம், பின்னாடி க்ளெய்ம் அதுலதான் அடிபடும், ஜீன் ரிசல்ட்னால வர்ற பாகுபாட்டுக்குன்னு தனிச்சட்டம் நம்ம நாட்டுல இல்ல.

இந்த வாரம் அண்ணனை ரெண்டு வரி ரிப்போர்ட்டோட அவர் டாக்டர்கிட்ட அனுப்புங்க, ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரில கட்டியை மெழுகுல பதிச்சு வச்ச பாரஃபின் ப்ளாக் பத்திரமா இருக்கான்னு கேட்டு நம்பர் எழுதி வாங்கச் சொல்லுங்க, பின்னாடி கட்டியை சீக்வென்ஸ் பண்ண அது வேணும். கொலோனாஸ்கோபிக்கு உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் தங்கச்சிக்கும் தேதி வாங்குங்க, ஒரே நாள்ல வேண்டாம், முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சு வர்றவங்களைக் கூட்டிட்டுப் போக வீட்ல ஒருத்தர் தெளிவா இருக்கணும்.